வேலை தராத பேக்டரிக்கு ஒரு மெயில்

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு ஊர் கோத்தகிரி பக்கம். பி.எஸ்சி. உணவு அறிவியல் முடித்துவிட்டு ஒரு பேக்கரியில் ஒரு வருடம் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். போன வாரம் குன்னூர் அருகே ஒரு டீ பேக்டரியில் தரக்கட்டுப்பாட்டு உதவியாளர் வேலைக்கு நேர்காணல். ஆபீசில் ஹெச்.ஆர். பேசினார். அப்புறம் மேனேஜர் உள்ளே கூட்டிப்போய், வந்து இறங்கிய பச்சை இலையைத் தரம் பார்க்கச் சொன்னார். மூடுபனி நாளில் இலை வாடாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். ஆறு கோப்பை டீ ருசி பார்க்க வைத்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது. நான்கு நாளில் ‘வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்’ என்று மெயில் வந்துவிட்டது. குறை என்னவென்று தெரிந்தால் திருத்திக்கொள்வேன். கேட்டு எழுதலாமா? வரைவை இணைத்திருக்கிறேன். என் மாமா அந்த பேக்டரிக்குத்தான் இலை போடுகிறார். அவரை விட்டுக் கேட்கலாம் என்கிறார்கள் வீட்டில்.

எஸ்., கோத்தகிரி

பதில்:

அன்புள்ள எஸ்.,

தாராளமாக எழுதலாம். ஆனால் இந்த வரைவை அனுப்ப வேண்டாம்.

உங்கள் வரைவு ஒன்றரைப் பக்கம் ஓடுகிறது. முதல் பத்தியில் படிப்பும் அனுபவமும் வருகின்றன. இரண்டாவது பத்தியில் ‘எல்லாக் கேள்விகளுக்கும் சரியாகவே பதில் சொன்னேன் என்று நம்புகிறேன்’ என்று வருகிறது. கடைசியில், ‘என்னை ஏன் தேர்ந்தெடுக்கவில்லை என்பதை நேர்மையாகச் சொல்லுங்கள்’ என்று முடிகிறது. நீங்கள் கற்றுக்கொள்ளத்தான் கேட்கிறீர்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் படிக்கிற ஹெச்.ஆருக்கு அது முடிவை மறுபடி பரிசீலிக்கச் சொல்லும் மனுவாகத்தான் தெரியும். ‘நேர்மையாக’ என்ற சொல்லைப் பார்த்ததும், இதுவரை நாங்கள் நேர்மையாக இல்லையா என்றும் ஒரு நொடி தோன்றும். நல்ல மனிதராக இருந்தால் இரண்டு வரி மழுப்பலாக எழுதுவார். இல்லாவிட்டால் பதிலே வராது.

தோட்டக் கம்பெனிகளில் ஆள் எடுக்கும் பக்கத்தில் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தவள் என்பதால், அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நேர்காணல் முடிந்ததும் ஆளுக்கு ஒரு தாள் இருக்கும். படிப்பு, அனுபவம், இலை பற்றிய அறிவு, பேச்சு, ஷிஃப்ட்டுக்கு வர முடியுமா என்று நாலைந்து கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண். ஓரத்தில் பேனாவால் ‘பரவாயில்லை’ என்றோ ‘தயக்கம்’ என்றோ ஒரு சொல். வேலை ஒன்று, வந்தவர் ஆறு பேர் என்று வையுங்கள். ஒருவரைப் பிடித்துப்போய் எடுத்துவிட்டார்கள் என்றால், மற்ற ஐந்து பேரை ஏன் எடுக்கவில்லை என்பதற்குத் தனித்தனிக் காரணம் அந்தத் தாள்களில் இருக்காது. எடுக்கப்பட்டவர் ஏற்கெனவே பேக்டரியில் வேலை பார்த்தவராக இருக்கலாம், பக்கத்து லைனில் குடியிருப்பவராக இருக்கலாம், சம்பளம் குறைவாகக் கேட்டவராகவும் இருக்கலாம். அப்படியானால் ‘ஏன்’ என்ற உங்கள் கேள்விக்கு அவர்களிடமே விடை கிடையாது. வற்புறுத்திக் கேட்டால் அப்போதைக்கு ஏதாவது ஒன்றைச் சொல்வார்கள். அதை நம்பி நீங்கள் ஆறு மாதம் தப்பான இடத்தில் உழைப்பீர்கள். பதிலே வராததைவிட எனக்கு இதுதான் கவலை.

பெரிய கம்பெனிகளில் இன்னொரு தடையும் உண்டு. எழுத்தில் கொடுத்த காரணம் நாளைக்கு ஒரு புகாரில் சாட்சியாக வந்து நிற்கும் என்று பயந்து, யாருக்கும் காரணம் சொல்வதில்லை என்றே விதி வைத்திருப்பார்கள். தனியார் முதலாளி காரணம் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டமும் நம்மிடம் இல்லை. மலையில் உள்ள தனி பேக்டரிகளில் பெரும்பாலும் அப்படி எழுதிவைத்த விதி எதுவும் கிடையாது. அவர்களுக்கு நேரம்தான் கிடையாது. இரண்டு நிமிடத்தில் பதில் எழுதக்கூடிய கேள்வியாக இருந்தால் எழுதிவிடுவார்கள். அந்த வகையில் உங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது.

அப்படியானால் எதைக் கேட்பது? வேறு யாரிடமும் கிடைக்காத ஒன்று அந்த மேனேஜரிடம் இருக்கிறது. அரை மணிநேரம் நீங்கள் வேலை செய்வதை அவர் பக்கத்தில் நின்று பார்த்தார். அதை மட்டும் கேளுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் விடை வெளியிலேயே இருக்கிறது.

மூடுபனிக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். ‘இன்னும் கொஞ்ச நேரம் வாட வைக்கும் தொட்டியிலேயே விடுவேன்’ என்று சொன்னதாக வரைவில் எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பதில் போதுமா என்று மேனேஜரைக் கேட்க வேண்டியதில்லை. பேக்டரியில் டீ தயாரிப்பைக் கவனிக்கும் எந்த டீ மேக்கரைக் கேட்டாலும் சொல்வார். பனி இறங்கிய நாளில் காற்றே ஈரமாக இருக்கும். ஈரக் குமிழ், உலர் குமிழ் என்று இரண்டு வெப்பமானி மாட்டியிருப்பார்களே, அவற்றின் வித்தியாசம் சுருங்கிவிடும். ஈரக் காற்றை எத்தனை மணிநேரம் ஊதினாலும் இலையிலிருந்து தண்ணீர் வெளியேறாது. அதனால் முதலில் அந்த இரண்டு அளவையும் பார்க்க வேண்டும், பிறகு சூடான காற்றை அளவாகக் கலக்க வேண்டும். சூடு கூடினால் இலை ஓரம் காய்ந்து நடு பச்சையாகவே நிற்கும். சும்மா விட்டுவைத்தால் அடுக்கின் அடியில் இலை சூடேறிச் சிவக்கத் தொடங்கும். இதற்குள் அடுத்த லாரி இலை வந்து இறங்கிவிடும், தொட்டி காலியாக வேண்டும். ‘கொஞ்ச நேரம் விடுவேன்’ என்பது முழுத் தப்பு அல்ல. ஆனால் பேக்டரிக்குள் நின்று பார்த்தவர் சொல்லும் பதில் அல்ல. இதை நீங்களே கண்டுபிடிக்கலாம், இப்போது கண்டுபிடித்தும் விட்டீர்கள். அதனால் இது மெயிலில் வர வேண்டாம்.

ருசி பார்த்ததும் ஏறக்குறைய அதே கதைதான். ஆறு கோப்பையில் அதிகம் காய்ந்தது எது என்று தெரியவில்லை என்றால் அது பழக்கம் இல்லாததால்தான். ஒரு வருடம் பேக்கரியில் இருந்தவருக்கு டீ நாக்கு வந்திருக்காது என்று மேனேஜருக்கும் தெரியும். அதற்காக உங்களைக் கழித்திருக்க மாட்டார் என்பது என் ஊகம்.

மிச்சம் இருப்பது இலை. ‘மேலே இருந்து ஒரு கை அள்ளி, நல்ல இலை, முற்றல் இலை என்று பிரித்துக் காட்டினேன், சரியாகத்தான் பிரித்தேன்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இந்த இடத்தில்தான் எனக்குச் சந்தேகம். பிரித்தது சரியாகவே இருக்கட்டும். அள்ளிய இடம்? மூட்டையின் வாய்ப்பக்கம் ரெண்டு இலை ஒரு கொழுந்தாக அழகாக இருக்கும். கையை உள்ளே விட்டால் கட்டைக் காம்பும் முற்றலும் வரும். எல்லா விவசாயியும் அப்படிச் செய்வார் என்று சொல்லவில்லை. ஆனால் தரம் பார்க்க உட்காருகிறவர் அப்படி இருக்கக்கூடும் என்று எண்ணித்தான் கையை விட வேண்டும். நாலைந்து மூட்டையில், மேல், நடு, அடி என்று எடுத்துக் கலந்து, அதிலிருந்து ஒரு அளவு நிறுத்து, அதற்கப்புறம்தான் பிரிப்பது. அந்த மாதிரியில் வரும் சதவீதத்தை வைத்து இலைக்கு விலை பேசும் இடத்தில், ஒரு கை அள்ளல் தப்பினால் காசு தப்பும். மேனேஜர் இதைக் கவனித்தாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. அவருக்குத்தான் தெரியும். மெயிலில் இதைக் கேளுங்கள்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“மதிப்பிற்குரிய ஐயா,

கடந்த வாரம் தரக்கட்டுப்பாட்டு உதவியாளர் பணிக்கு நேர்காணலுக்கு வந்திருந்தேன். முடிவைத் தெரிவித்த மெயில் கிடைத்தது, நன்றி. அந்த முடிவைப் பற்றி எழுதவில்லை.

பச்சை இலை மாதிரியை நான் பார்த்தபோது நீங்கள் அருகில் இருந்தீர்கள். குவியலின் மேலே இருந்து மட்டும் எடுத்தது சரியில்லை என்று பிறகு தோன்றியது. அந்த வேலையில் நான் மாற்றிக்கொள்ள வேண்டியதாக உங்கள் கண்ணில் பட்டது இதுதானா, வேறு ஏதாவதா? ஓரிரு வரி எழுதினால் போதும். இலைத் தரம் பார்க்கும் வேலையிலேயே தொடர எண்ணியிருக்கிறேன், அதனால் கேட்கிறேன்.

நேரம் இல்லையென்றால் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. உள்ளே கூட்டிப்போய்க் காட்டியதற்கு நன்றி.”

இவ்வளவுதான். போன் திரையில் ஒரே பார்வையில் படித்து முடித்துவிடலாம். ‘அந்த முடிவைப் பற்றி எழுதவில்லை’ என்ற வரியை எக்காரணம் கொண்டும் எடுத்துவிடாதீர்கள். அதைப் படித்ததும்தான் அவருக்குத் தோள் தளரும். உங்கள் குறையை நீங்களே முதலில் சொல்லிவிடுவதும் வேண்டுமென்றே செய்ததுதான். அதிகம் பழகாத பெண்ணிடம் ‘உனக்கு இது தெரியவில்லை’ என்று எழுத நம் ஊரில் யாருக்கும் கை வராது. நீங்களே தொடங்கி வைத்தால் ‘ஆமாம்’ என்றோ ‘அது இல்லை, இது’ என்றோ எழுதுவது சுலபம். ஆனால் உண்மையாகவே தோன்றிய குறையாக இருக்க வேண்டும். பணிவுக்காக இல்லாத குறையைச் சொன்னால் அதற்கும் ஒரு ‘ஆமாம்’ வந்துவிடும்.

தமிழிலேயே எழுதலாம். மேனேஜர் உங்களிடம் தமிழில் பேசியிருந்தால் அவருக்கும் அதுவே வசதி. மெயில் ஹெச்.ஆர். முகவரியிலிருந்து வந்திருப்பதால் அதற்கே பதிலாக அனுப்பி, ‘இதை மேனேஜர் ஐயாவுக்கு அனுப்பிவைக்க முடியுமா’ என்று மேலே ஒரு வரி சேருங்கள். ஹெச்.ஆரைத் தாண்டிப் போகாதீர்கள். மேனேஜரின் சொந்த நம்பர் யார் மூலமாகவோ கிடைத்தாலும் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். முடிவு வந்து ஒரு வாரம் பத்து நாளுக்குள் எழுதினால் உங்கள் முகம் அவருக்கு நினைவில் இருக்கும். ஒரு மாதம் கழித்தால் அவர் பார்த்தது மறந்துபோய், தாளில் உள்ள மதிப்பெண்தான் மிஞ்சும். மழை பெய்து இலை குவிந்து, பேக்டரி ராத்திரி பகலாக ஓடும் நேரமாக இருந்தால் பதில் தாமதமாகத்தான் வரும். அதை வைத்து எதையும் ஊகிக்க வேண்டாம்.

மாமா விஷயம். வேண்டவே வேண்டாம். அவர் அங்கே இலை போடுகிறவர். அவர் போய் நின்றால் மேனேஜர் டீ கொடுத்து, ‘நல்ல பொண்ணுதாங்க, அடுத்த தடவை பார்க்கலாம்’ என்பார். அதில் உங்களுக்குக் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது. போதாததற்கு, மாமாவின் இலைக்கு அடுத்த வாரம் விலை சற்றுக் குறைந்தால் வீட்டில் அதற்கு ஒரு கதை கட்டுவார்கள். மாமாவால் வேறு ஒரு உதவி ஆகும். அவர் மூட்டை கட்டும்போது கூடப்போய் உட்காருங்கள். கொட்டிப் பிரித்து, மேலே எடுத்த மாதிரிக்கும் கலந்து எடுத்த மாதிரிக்கும் எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று வீட்டுத் தராசில் நிறுத்துப் பாருங்கள். சமையல் தராசு போதும். மாமா முகம் சுளிப்பார், சமாளியுங்கள்.

இப்போது பதிலுக்கு வருவோம். ‘உங்களைவிடப் பொருத்தமானவர் கிடைத்தார்’ என்று மட்டும் வந்தால் அது எல்லோருக்கும் போகிற வாசகம். அதைத் திருப்பித் திருப்பிப் படிக்க வேண்டாம். ‘அனுபவம் போதாது’ என்பதும் கிட்டத்தட்ட அதேதான். உங்கள் அனுபவம் என்ன என்று பயோடேட்டாவைப் பார்த்துத்தானே கூப்பிட்டார்கள்? உங்களைவிட அதிகம் உள்ளவர் வந்துவிட்டார் என்று பொருள், அவ்வளவுதான். ‘பேச்சில் தன்னம்பிக்கை குறைவு’ என்று வந்தால் அது ஒருவருடைய எண்ணம். இன்னொரு நேர்காணலிலும் இன்னொருவர் அதையே சொன்னால் கவனியுங்கள், ஒரே ஒரு தடவைக்காக நடையுடை பேச்சை எல்லாம் மாற்றாதீர்கள். ‘இரவு ஷிஃப்ட் இருக்கிறது, ஆண் பிள்ளையாகப் பார்த்தோம்’ என்று எழுதினாலோ, போனில் சொன்னாலோ, அது நீங்கள் திருத்த வேண்டிய குறையே அல்ல. பெண் என்பதற்காக ஆள் எடுப்பில் ஒதுக்கக் கூடாது என்று 1976-லேயே சம ஊதியச் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். அதைப் பிடித்துச் சண்டைக்குப் போவதா என்பது வேறு விஷயம். குறைந்தபட்சம் அதை உங்கள் குறைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

உபயோகமான பதில் எப்படி இருக்கும் என்பதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நான் ஆபீசில் இருந்தபோது, தேர்வாகாத ஒரு பையன், கூடலூர்ப் பக்கத்துக்காரர், டிரையர் பகுதி வேலையில் தான் செய்ததைப் பற்றி மட்டும் மூன்று வரியில் கேட்டு எழுதினார். பேக்டரிக்கு அனுப்பிவைத்தேன். மேனேஜர் ஒரு வரியில் பதில் போட்டார்: ‘காய்ந்த டீயைக் கையில் எடுத்து நொறுக்கிப் பார்க்காமல், மீட்டர் காட்டிய ஈரப்பதத்தை மட்டும் படித்துச் சொன்னார்.’ டிரையரிலிருந்து வரும் டீயில் ஈரம் சுமார் 3 சதவீதத்துக்கு வர வேண்டும். மீட்டர் அதைக் காட்டிவிடும். ஆனால் மீட்டர் சரியாக ஓடுகிறதா என்று கையும் மூக்கும்தான் சொல்ல வேண்டும். அந்த மேனேஜருக்கு அது பெரிய விஷயம். பையனுக்கு அது எந்தப் புத்தகத்திலும் கிடைத்திருக்காது. அவர் நன்றி என்று மட்டும் பதில் போட்டார். வேறொருவர் இதே மாதிரி வந்த பதிலுக்கு, கல்லூரியில் மீட்டரை நம்பச் சொல்லித்தான் கொடுத்தார்கள் என்று ஒரு பக்கம் விளக்கம் எழுதினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அதற்கப்புறம் அந்த மேனேஜர், யாருக்கும் எழுத்தில் பதில் கேட்டு என்னிடம் வராதீர்கள் என்று சொல்லிவிட்டார்.

நீங்கள் அடுத்து அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ போன்ற இடத்துக்கு விண்ணப்பித்தால் வழி வேறு. அங்கே 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, உங்கள் மதிப்பெண், தேர்வுக்கு வைத்திருந்த அளவுகோல் ஆகியவற்றைக் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஆனால் அந்தச் சட்டப்படி ஏற்கெனவே பதிவில் இருப்பதைத்தான் தருவார்கள். ‘எதைத் திருத்திக்கொள்ள வேண்டும்’ என்று கேட்டால், அப்படி ஒரு பதிவு இல்லை என்று பதில் வரும், அதுவும் சட்டப்படி சரியே. தனியார் பேக்டரிக்கு இது பொருந்தாது. ஆர்.டி.ஐ. போடுவேன் என்று அவர்களிடம் பேச்சுக்குக்கூடச் சொல்லாதீர்கள்.

பதில் வந்தால் அன்றோ மறுநாளோ இரண்டு வரியில் நன்றி போடுங்கள். சொன்னதை ஒப்புக்கொள்ளாவிட்டாலும் விளக்கம் வேண்டாம். அந்த மெயிலோடு பயோடேட்டாவை மறுபடி இணைக்க வேண்டாம், ‘வேறு காலியிடம் இருந்தால்’ என்றும் சேர்க்க வேண்டாம். இணைத்தால் முதல் மெயிலும் அதற்காகத்தான் எழுதியது என்று ஆகிவிடும். காலியிடம் வரும்போது தனியாக விண்ணப்பியுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் விட்டு ஹெச்.ஆருக்கு ஒரே ஒரு நினைவூட்டல் போடலாம். அதற்கும் பேச்சில்லை என்றால் அந்த பேக்டரியை விட்டுவிட்டு, மெயிலில் கேட்டிருந்த அதே கேள்வியை அடுத்த நேர்காணலில் இலைக் குவியலுக்கு முன்னால் நிற்கும்போது நேரிலேயே கேளுங்கள்: ‘ஐயா, நான் மாதிரி எடுத்த விதம் சரியா?’ முடிவு எடுப்பதற்கு முன்னால் அந்த இடத்திலேயே கேட்டால், அநேகமாக எல்லா மேனேஜரும் குனிந்து, மூட்டைக்குள் கைவிட்டுக் காட்டிக்கொடுப்பார்கள்.